சூடேறும் கோர், மங்கும் காந்தம்: ஹிஸ்டெரிசிஸ் கண்ணியை எங்கே படிப்பது?

பன்னிரண்டாம் வகுப்பில் எல்லோரும் எழுதிய விடைதான்: டிரான்ஸ்ஃபார்மருக்குத் தேனிரும்பு, நிலைக்காந்தத்துக்கு எஃகு. காரணம் கேட்டால், காந்தமாக்கும் புலம் H ஏறி இறங்கும்போது பாய அடர்த்தி B போட்டுவரும் ஹிஸ்டெரிசிஸ் கண்ணி ஒன்றில் ஒல்லி, மற்றதில் பருமன். விடை தவறில்லை. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு கடைக்குப் போய் எந்தத் தகடு, எந்தக் காந்தம், எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்ல முடியாது. கண்ணியைப் பார்க்கும் முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தப் பொருள் அந்தக் கண்ணியின் எந்த இடத்தில் வாழப் போகிறது?

டிரான்ஸ்ஃபார்மர் கோர் கண்ணியை முழுதாக, வினாடிக்கு 50 முறை சுற்றி வருகிறது. நிலைக்காந்தம் ஒரு தடவை காந்தமாக்கப்பட்ட பிறகு கண்ணியைச் சுற்றுவதே இல்லை. இரண்டாம் கால்வட்டத்தில் ஒரு புள்ளியில் உட்கார்ந்துவிடுகிறது. ஆகவே முதலாவதற்குக் கண்ணியின் பரப்பு முக்கியம். இரண்டாவதற்குப் பரப்பைப் பற்றிக் கவலையே இல்லை, அந்தப் புள்ளி எங்கே விழுகிறது என்பதுதான் எல்லாம். இதை இரண்டு வேலைகளில் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒன்று, ரீவைண்டிங் முடிந்து சுமையே இல்லாமல் கொதிக்கும் 250 விஏ டிரான்ஸ்ஃபார்மர். மற்றது, 3 மி.மீ. காற்று இடைவெளியில் 0.3 டெஸ்லா தர வேண்டிய காந்த அமைப்பு.

சுமையில்லாமல் சூடாகும் டிரான்ஸ்ஃபார்மர்

இ-ஐ ஸ்டாம்பிங், நடுக்கால் அகலம் 40 மி.மீ., அடுக்கு உயரம் 50 மி.மீ. நடுக்காலின் பரப்பு 20 சதுர செ.மீ. தகடுகளுக்கு நடுவே இருக்கும் பூச்சுக்கும் காற்றுக்கும் ஐந்து சதவீதம் கழித்தால், இரும்பு மட்டும் 19 சதுர செ.மீ. காந்தப் பாயம் ஒரு சுற்று போய்வரும் பாதையின் நீளம் சுமார் 24 செ.மீ. மொத்த இரும்பு சுமார் 456 கன செ.மீ., அதாவது மூன்றரை கிலோ.

முதன்மைச் சுருளின் சுற்றுகளை வழக்கமான சூத்திரம் தருகிறது:

```
V = 4.44 × f × N × B × A
230 = 4.44 × 50 × N × 1.3 × 0.0019
N = 419
```

பாய அடர்த்தி B-யை 1.3 டெஸ்லா என்று எடுத்தது வேண்டுமென்றேதான். 230 வோல்ட் லைன் பத்து சதவீதம் ஏறி 253 ஆனால், B-யும் 1.43 ஆகும். சாதாரண சிலிக்கான் எஃகு அதைத் தாங்கும். முதலிலேயே 1.6 என்று வைத்திருந்தால், ஏறிய வோல்ட்டில் அது 1.76 ஆகி, பூரிதத்தின் வளைவுக்குள் போய்விடும். அங்கே வோல்ட் கொஞ்சம் கூடினாலே கரண்ட் தாறுமாறாக எகிறும்.

இந்தச் சூத்திரத்தில் தகடு என்ன பொருள் என்ற கேள்வியே வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கோரில் எவ்வளவு பாயம் ஓட வேண்டும் என்பதை லைன் வோல்ட்டும் சுற்றுகளும் தீர்மானித்துவிடுகின்றன. நல்ல தகடு போட்டாலும், மட்டமான தகடு போட்டாலும் B அதே 1.3 தான். அந்த 1.3-ஐ எட்ட எவ்வளவு கரண்ட் கேட்கும், எவ்வளவு வாட் விழுங்கும் என்பதில்தான் பொருளின் குணம் தெரியும். "கோர் மட்டமாக இருந்தால் அவுட்புட் வோல்ட் குறையும்" என்று சிலர் நினைப்பது இதனால்தான் பெரும்பாலும் பலிப்பதில்லை. அவுட்புட் ஏறக்குறைய சரியாகவே வரும். டிரான்ஸ்ஃபார்மர்தான் வேகும்.

நல்ல தகட்டில் இந்த அளவு கோர் சுமையில்லாமல் பத்துப் பதினோரு வாட், 0.2 ஆம்பியர் அளவில் எடுக்கும். நம் டிரான்ஸ்ஃபார்மரில் வாட்மீட்டர் 55 காட்டுகிறது, கரண்ட் 0.6 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். அரை மணியில் கோர்மேல் உள்ளங்கையை வைக்க முடியாது. காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கலாம். தகட்டின் பொருள் தவறு, அல்லது சுருளில் ஏதோ ஒரு சுற்று குறுக்கு மின்சுற்றாகிவிட்டது, அல்லது இ-யும் ஐ-யும் சேரும் இடத்தில் இடைவெளி.

இடைவெளியை முதலில் ஒதுக்கிவிடலாம். அடுக்கும்போது ஒரு இ இந்தப் பக்கம், அடுத்த இ அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றிக் கோக்காமல் எல்லா இ-யையும் ஒரே பக்கம் வைத்துவிட்டால், காற்று இடைவெளி கூடும். கரண்டும் கூடும். ஆனால் காற்றுக்கு ஹிஸ்டெரிசிஸ் எனும் தயக்கம் கிடையாது. ஒரு கால்சுழற்சியில் கொடுத்த ஆற்றலை அடுத்த கால்சுழற்சியில் திருப்பித் தந்துவிடும். ஆகவே ஆம்பியர் ஏறி, வாட் ஏறாமல் இருந்தால் இடைவெளி. இரண்டும் ஏறியிருந்தால் மற்ற இரண்டில் ஒன்று. கிளாம்ப் மீட்டரை மட்டும் வைத்துக்கொண்டு கோரைக் குறை சொல்வது இங்கேதான் ஏமாற்றும், வாட்மீட்டர் இல்லாமல் இந்த வேறுபாடு கண்ணில் படாது.

மற்ற இரண்டையும் பிரிக்க, சுருளைக் கழற்றிவிட்டு வெறும் கோரைச் சோதிப்பதுதான் நேர்வழி. பாபின் மேல் தடித்த வயரில் 20 சுற்று மட்டும் போட வேண்டும். மேலே உள்ள சூத்திரத்தில் N-க்கு 20 வைத்தால், 1.3 டெஸ்லாவுக்கு 11 வோல்ட் போதும். 12 வோல்ட் செகண்டரி உள்ள, பதின்மூன்று ஆம்பியராவது தாங்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கு டிம்மர்ஸ்டேட் வழியாக ஊட்டி, பூஜ்யத்திலிருந்து மெல்ல 11 வோல்ட்டுக்கு ஏற்றலாம். வாட் அப்போதும் ஐம்பதைத் தாண்டினால் குற்றவாளி தகடு. பத்துக்கு வந்துவிட்டால் குற்றம் சுருளில். பழைய 419 சுற்றுச் சுருளைக் கழற்றாமல் இதைச் செய்யக் கூடாது. ஒன்று, அதில் குறுக்குச் சுற்று இருந்தால் சோதனையே வீண். இரண்டு, 20 சுற்றுக்கு 11 வோல்ட் கொடுத்தால் அந்த 419 சுற்றின் முனைகளில் முழு 230 வோல்ட் நிற்கும்.

கண்ணியைத் திரையில் வரைவது

அதே கோரில் இன்னொரு 20 சுற்றைப் போட்டால் கண்ணியையே ஆசிலோஸ்கோப்பில் பார்த்துவிடலாம். முதல் சுருளோடு தொடராக 0.1 ஓம் மின்தடை வைத்து, அதன் வோல்ட்டை எக்ஸ் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். அது கரண்டைக் காட்டுகிறது, கரண்டுதான் காந்தமாக்கும் புலம் H. 20 சுற்றை 0.24 மீட்டரால் வகுத்தால், ஒரு ஆம்பியருக்கு 83 ஆம்பியர்/மீட்டர். திரையில் 0.1 வோல்ட் என்றால் 83 ஆம்பியர்/மீட்டர் என்று பொருள்.

இரண்டாம் சுருளின் வோல்ட் B-யைக் காட்டாது. B மாறும் வேகத்தைத்தான் காட்டும். அதைத் தொகையிட 100 கிலோ ஓம் மின்தடையும் 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் போதும். மின்தேக்கியின் குறுக்கே வரும் வோல்ட்டை ஒய் அச்சுக்குத் தரலாம்:

```
Vc = N × A × B / (R × C)
   = 20 × 0.0019 × 1.3 / 0.1
   = 0.49 V
```

ஆக, ஒய் அச்சில் உச்சம் அரை வோல்ட் அளவில் வரும். மின்தேக்கி பிலிம் வகையாக இருக்க வேண்டும். எலக்ட்ரோலிட்டிக் போட்டால் அதன் கசிவே கண்ணியைக் கோணலாக்கும். ஸ்கோப்பின் இரண்டு சானலுக்கும் கிரவுண்ட் ஒன்றுதான் என்பதால், ஊட்டம் கட்டாயம் லைனிலிருந்து தனிப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். டிம்மர்ஸ்டேட் தனிப்படுத்தாது. அதற்குப் பின்னால் உள்ள 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர்தான் அந்த வேலையைச் செய்கிறது.

திரையில் வரும் கண்ணியின் பரப்பை அச்சு அளவுகளோடு பெருக்கினால், ஒரு கன மீட்டர் இரும்பு ஒரு சுழற்சிக்கு இழக்கும் ஆற்றல் ஜூலில் வரும். பரப்பைத் தோராயமாகப் போட ஒரு குறுக்குவழி உண்டு: B-யைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும் எதிர்ப்புலமான காந்த நீக்குப் புலத்தையும் B-யின் உச்சத்தையும் பெருக்கி, நான்கால் பெருக்குவது. கண்ணியை ஒரு சாய்ந்த இணைகரமாக எடுத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 50 ஹெர்ட்ஸில் வரைந்த கண்ணி உண்மையான தயக்கக் கண்ணியை விடப் பருமனாக இருக்கும். தகட்டுக்குள் சுழலும் எடி மின்னோட்டமும் அதில் சேர்ந்து நிற்கிறது. ஆகவே திரையில் எக்ஸ் அச்சை வெட்டும் இடத்தைப் பொருளின் காந்த நீக்குப் புலம் என்று எழுதிவிடக் கூடாது. மொத்த இழப்பைத் தெரிந்துகொள்ள அந்தப் பரப்பு சரியான விடை. பொருளின் குணத்தைத் தனியாக அறிய, மிகக் குறைந்த அதிர்வெண்ணில் வரைந்த கண்ணி வேண்டும்.

இப்போது எண்களைப் போடலாம். எம்400-50ஏ என்ற தகட்டுப் பெயரிலேயே பாதி விவரம் இருக்கிறது. 1.5 டெஸ்லா, 50 ஹெர்ட்ஸில் கிலோவுக்கு அதிகபட்சம் 4 வாட், தடிமன் 0.5 மி.மீ., இறுதியில் வரும் ஏ திசை சாராத வகையைக் குறிக்கும். 1.3 டெஸ்லாவில் அது சுமார் 3 வாட்டாக இறங்கும். மூன்றரை கிலோவுக்குப் பத்தரை வாட். இதில் தயக்க இழப்பு எவ்வளவு? காந்த நீக்குப் புலம் 50 ஆம்பியர்/மீட்டர் என்று எடுத்தால், 4 × 50 × 1.3 = 260 ஜூல். 50 சுழற்சிக்கு, கிலோ கணக்கில், சுமார் 1.7 வாட். பாதிக்குச் சற்று மேல். மீதி எடி மின்னோட்டம்.

அதே அளவுக்கு 1 மி.மீ. சாதாரண எம்.எஸ். தகட்டை வெட்டிப் போட்டால்? குளிர்முறையில் உருட்டி, பதப்படுத்தாத தகட்டின் காந்த நீக்குப் புலம் 250 ஆம்பியர்/மீட்டர் அளவில் இருக்கும். தயக்க இழப்பு மட்டும் கிலோவுக்கு 8 வாட்டைத் தாண்டுகிறது. எடி இழப்பு தடிமனின் வர்க்கத்தோடு ஏறும். சிலிக்கான் சேராத இரும்பின் மின்தடையும் குறைவு. அதில் இன்னொரு 7 வாட். மொத்தம் கிலோவுக்குப் பதினைந்து, கோருக்கு ஐம்பத்தைந்து சுற்றி. வாட்மீட்டர் காட்டியது இதைத்தான். மைக்ரோமீட்டரால் தகட்டின் தடிமனை அளந்திருந்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்திருக்கும்.

கடினப்படுத்திய கரிம எஃகையும் விளையாட்டாகப் போட்டுப் பார்ப்போம். காந்த நீக்குப் புலம் 4000 ஆம்பியர்/மீட்டர். 1 டெஸ்லாவுக்கே ஒரு சுழற்சிக்கு 16,000 ஜூல், 50 சுழற்சிக்கு ஒரு கன மீட்டருக்கு 8 லட்சம் வாட். நம் 456 கன செ.மீ. கோருக்கு 365 வாட். 250 விஏ டிரான்ஸ்ஃபார்மர், தான் தரும் சக்தியை விடக் கோரைச் சூடாக்க அதிகம் செலவழிக்கும். டிரான்ஸ்ஃபார்மர் என்ற பெயரில் ஒரு ஹீட்டர்.

சிஆர்ஜிஓ போட்டால் இன்னும் நல்லதா என்று அடுத்த கேள்வி வரும். 1934-இல் நார்மன் காஸ் காப்புரிமை பெற்ற முறையின் வழி வந்த அந்தத் தகட்டில், படிகங்கள் உருட்டிய திசையிலேயே வரிசைப்பட்டிருக்கின்றன. அந்தத் திசையில் 1.7 டெஸ்லாவிலும் கிலோவுக்கு ஒரு வாட்டை ஒட்டியே இழப்பு. ஆனால் இ-ஐ வடிவத்தில் கால்களில் பாயம் நீளவாக்கில் ஓடினால், கால்களை இணைக்கும் நுகங்களின் ஒரு பகுதியில் அது குறுக்காக ஓடித்தான் ஆக வேண்டும். அங்கே சிஆர்ஜிஓ மோசம். கொடுத்த காசில் ஒரு பங்கு மூலைகளில் கரைந்துவிடும். டொராய்டிலோ சி-கோரிலோ பட்டையைச் சுற்றும்போதுதான் முழுப் பலன் கிடைக்கும். இந்த 250 விஏ இ-ஐக்கு எம்400-50ஏ போதும். மின்வாரிய விநியோக டிரான்ஸ்ஃபார்மர் போல வருடம் முழுக்க இரவும் பகலும் லைனில் நிற்பதென்றால் கணக்கே வேறு.

நல்ல தகட்டையும் கெடுத்துவிடலாம். சுத்தியால் தட்டி நிமிர்த்துவது, வளைப்பது, மழுங்கிய கத்தியில் வெட்டுவது எல்லாம் படிகத்துக்குள் இடப்பெயர்வுகளை நிரப்புகின்றன. இரும்புக்குள் ஒரே திசையில் காந்தமாகியிருக்கும் சிறு பகுதிகளின் எல்லைச் சுவர்கள் நகரும்போது அவற்றில் சிக்கிச் சிக்கி நகர்கின்றன. அந்தச் சிக்கல்தான் காந்த நீக்குப் புலம் ஏறுவதாக வெளியே தெரிகிறது. பழைய சுருளைக் கழற்றச் சோம்பல்பட்டு நேரடியாகத் தீயில் போடுவது வேறு வகைக் கேடு. தகடுகளுக்கு இடையே உள்ள மின்காப்புப் பூச்சு எரிந்து, எல்லாம் ஒரே இரும்புக் கட்டி போல நடந்துகொள்ளும். வெட்டு ஓரத்தில் நிற்கும் பிசிறும் அதே வேலையைத்தான் செய்யும்.

இடைவெளியில் 0.3 டெஸ்லா

இரண்டாவது வேலை. பத்து சதுர செ.மீ. முகமுள்ள இரண்டு இரும்பு முனைகள், நடுவே 3 மி.மீ. காற்று. அங்கே 0.3 டெஸ்லா வேண்டும். காந்தத்தை ஒரு பக்கத்தில் வைத்து, இரும்பு நுகத்தால் பாயத்தை முனைகளுக்குக் கொண்டுவருகிறோம்.

அந்த நுகத்துக்கு மேலே திட்டித் தீர்த்த அதே எம்.எஸ். போதும், 5 மி.மீ. கட்டியாகவே போடலாம். பாயம் மாறவே போவதில்லை. கண்ணியைச் சுற்றாத இரும்புக்குத் தயக்க இழப்பும் இல்லை, எடியும் இல்லை. இங்கே சிலிக்கான் தகடு அடுக்குவது வீண் செலவு.

காந்தத்துக்கான கணக்கு இரண்டு சமன்பாடுகள்தான். காந்தத்திலிருந்து புறப்படும் பாயம் இடைவெளியைக் கடக்க வேண்டும். காந்தத்தின் உள்ளே எதிர்த்திசையில் நிற்கும் H, இடைவெளிக்குத் தேவையான ஆம்பியரை ஈடுகட்ட வேண்டும்:

```
Bm × Am = Bg × Ag
Hm × Lm = (Bg / μ0) × g
        = 238700 × 0.003 = 716 A
```

அந்த 716 ஆம்பியரைச் சுருள் இல்லாமல், மின்சாரம் இல்லாமல், காந்தத்தின் நீளத்திலிருந்தே எடுக்க வேண்டும். காந்தம் தன்னையே எதிர்க்கும் ஒரு புலத்துக்குள் வாழ்கிறது என்பதை இரண்டாவது வரி சொல்கிறது. கண்ணியில் B நேர்ப்பக்கமும் H எதிர்ப்பக்கமும் இருக்கும் பகுதி இரண்டாம் கால்வட்டம். காந்தத்தின் வாழ்க்கை அங்கேதான்.

தேனிரும்பிடம் கேட்டுப் பார்ப்போம். மூடிய வளையமாக அளந்தால் அதன் எச்சக் காந்தம், அதாவது புலத்தை எடுத்த பிறகும் மிஞ்சும் B, 1 டெஸ்லா அளவுக்கு வரலாம். ஃபெரைட் காந்தத்தின் 0.4-ஐ விட அது இரண்டு மடங்குக்கு மேல். எச்சக் காந்தத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் தேனிரும்புதான் ஜெயிக்கும். ஆனால் அதன் காந்த நீக்குப் புலம் 100 ஆம்பியர்/மீட்டர். பாதியில், 50-இல் இயக்கினால், 716-ஐ எட்ட 14 மீட்டர் நீளம் வேண்டும். வளையத்தில் ஒரு கீறல் இடைவெளி விட்டாலே அந்த 1 டெஸ்லா காணாமல் போவதன் கணக்கு இது.

மற்ற பொருள்களை அவற்றின் B-யும் H-உம் பெருகி உச்சம் தொடும் புள்ளியில் இயக்கினால், பாயக் கசிவைச் சேர்க்காத கணக்கு இப்படி வருகிறது:

| பொருள் | இயங்கும் B (டெஸ்லா) | இயங்கும் H (கிலோ ஆம்பியர்/மீ.) | நீளம் | பரப்பு |
|---|---|---|---|---|
| கரிம எஃகு | 0.6 | 2.5 | 29 செ.மீ. | 5 ச.செ.மீ. |
| ஆல்னிகோ 5 | 1.0 | 43 | 17 மி.மீ. | 3 ச.செ.மீ. |
| ஃபெரைட் ஒய்30 | 0.19 | 145 | 5 மி.மீ. | 16 ச.செ.மீ. |
| நியோடிமியம் என்42 | 0.65 | 500 | 1.4 மி.மீ. | 4.6 ச.செ.மீ. |

பழைய பள்ளிக்கூட ஆய்வகக் காந்தங்கள் ஏன் நீண்ட லாடமாக இருந்தன, ஒலிபெருக்கியின் ஃபெரைட் ஏன் அகலத் தட்டையான வளையமாக இருக்கிறது என்பதற்கெல்லாம் இந்த அட்டவணையே விடை. எஃகுக்கு நீளம் இல்லாமல் முடியாது. ஃபெரைட்டுக்குப் பரப்பு இல்லாமல் முடியாது. ஆல்னிகோ காந்தம் இருந்த இடத்தில் அதே வடிவத்தில் ஃபெரைட் துண்டை வெட்டி வைத்துவிட்டு "வலு இல்லை" என்று புகார் சொல்வதில் நியாயமில்லை, வடிவமும் சேர்ந்து மாற வேண்டும்.

நடைமுறையில் கசிவு பெரிய விஷயம். காந்தத்திலிருந்து புறப்படும் பாயத்தில் கணிசமான பங்கு இடைவெளிக்குப் போகாமல் பக்கவாட்டிலேயே சுற்றிவிடும். காந்தப் பரப்பை ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வைத்துத் தொடங்கி, காஸ்மீட்டரால் இடைவெளியை அளந்து திருத்துவதுதான் வழி. கடைக்காரர் ஓர்ஸ்டெட், காஸ் கணக்கில் பேசினால், ஒரு ஓர்ஸ்டெட் 79.6 ஆம்பியர்/மீட்டர், 10,000 காஸ் ஒரு டெஸ்லா.

முழங்கால்

நம் வேலைக்கு ஒன்றரை மில்லிமீட்டர் நியோடிமியத் தகடு மிகக் கவர்ச்சியாகத் தெரிகிறது. அரைக் கன செ.மீ.க்குச் சற்று மேல் பொருள், முடிந்தது வேலை. 20 டிகிரியில் அது உண்மையும்கூட. கருவி ஒரு மோட்டார் உறைக்குள் 120 டிகிரியில் உட்கார வேண்டும் என்று வைத்துக்கொண்டு மறுபடியும் கணக்குப் போடுவோம்.

இதற்கு முன் ஒரு தெளிவு வேண்டும். காந்தத் தகவல்தாளில் காந்த நீக்குப் புலம் இரண்டு தடவை வரும். ஒன்று HcB, வெளியே தெரியும் B பூஜ்யமாகும் இடம். மற்றது HcJ, பொருளின் உள்ளே உள்ள காந்தமாக்கமே கவிழும் இடம். சிலிக்கான் எஃகில் இரண்டும் ஒன்றேபோல இருப்பதால் பாடப்புத்தகத்தில் இந்த வேறுபாடு வருவதில்லை. நியோடிமியத்தில் இரண்டும் வேறு வேறு. காந்தம் பிழைக்குமா என்பதைச் சொல்வது HcJ.

என்42-இன் HcJ, 20 டிகிரியில் குறைந்தது 955 கிலோ ஆம்பியர்/மீட்டர். ஒவ்வொரு டிகிரிக்கும் அது சுமார் 0.6 சதவீதம் இறங்கும். எச்சக் காந்தம் 1.30 டெஸ்லா, டிகிரிக்கு 0.12 சதவீதம் இறங்கும். நம் தகட்டின் வடிவத்துக்கு, B-யும் μ0 மடங்கு H-உம் ஏறக்குறைய சமம். ஆகவே காந்தத்தின் உள்ளே நிற்கும் எதிர்ப்புலம்:

```
H = Br / (2.05 × μ0)
 20 °C: 1.30 → 505 kA/m   (HcJ 955)
 80 °C: 1.21 → 468 kA/m   (HcJ 611)
120 °C: 1.14 → 444 kA/m   (HcJ 382)
```

80 டிகிரி வரை தப்பித்தது. 120-இல் காந்தம் தன் எதிர்ப்புலத்தாலேயே கவிழ்கிறது. வெளியிலிருந்து யாரும் எதுவும் செய்யவில்லை, சூடு மட்டும் போதுமானதாக இருந்தது. கண்ணியின் பக்கவாட்டில் கோடு சட்டென மடங்கி இறங்கும் இடத்தை முழங்கால் என்பார்கள். சூட்டில் அந்த முழங்கால் வலப்பக்கம் நகர்ந்து, இயங்கு புள்ளியைத் தாண்டிப் போய்விட்டது.

பழுதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. அமைப்பை அறை வெப்பத்துக்கு ஆறவிட்டு இடைவெளியை மறுபடி அளக்க வேண்டும். பழைய அளவு திரும்பினால் அது மீளும் இறக்கம், பொருளின் இயல்பு, கவலையில்லை. ஆறிய பிறகும் குறைவாகவே நின்றால் முழங்காலைத் தாண்டிவிட்டது என்று பொருள். மறுபடியும் காந்தமாக்கினால் பழைய வலு வரும். ஆனால் அதே மோட்டாரில் வைத்தால் அதே கதி.

தீர்வு இரண்டு. தகட்டை 3 மி.மீ. ஆக்கினால் எதிர்ப்புலம் 120 டிகிரியில் 298-க்கு இறங்கும், 382-க்குள் வந்துவிடும். ஆனால் முழங்கால் HcJ-க்குச் சற்று முன்பே தொடங்குவதால், இந்த ஓரம் குறுகியது. அல்லது ஹெச் எழுத்து வரும் என்42ஹெச் தரம். அதன் HcJ குறைந்தது 1353, 120 டிகிரியிலும் 540 அளவில் நிற்கும். தேவை 444. தகடு மெல்லியதாகவே இருக்க வேண்டும் என்றால் இதுதான் வழி. இடம் இருந்தால், தடித்த ஹெச் தரம் வாங்குவது நிம்மதி. என்52 கேட்டு வாங்குவதில் பயனில்லை. அந்த எண் ஆற்றல் பெருக்கத்தைச் சொல்கிறது, சூடு தாங்குவதைச் சொல்வதில்லை.

ஃபெரைட் இதற்கு நேர்மாறு. சூட்டில் அதன் எச்சக் காந்தம் டிகிரிக்கு 0.2 சதவீதம் குறையும், ஆறினால் திரும்பிவிடும். அதன் HcJ சூட்டில் ஏறுகிறது, குளிரில்தான் இறங்குகிறது. மோட்டார் உறையில் 16 சதுர செ.மீ.க்கு இடமிருந்தால் ஃபெரைட் மலிவாக வேலையை முடித்துத் தரும், 120 டிகிரியில் ஐந்தில் ஒரு பங்கு இறங்கும் என்பதைக் கணக்கில் சேர்த்துப் பரப்பைக் கூட்டிவிட்டால்.

ஆல்னிகோ சூட்டுக்கு அஞ்சாது. அதன் பலவீனம் வேறு இடத்தில். 51 கிலோ ஆம்பியர்/மீட்டர் காந்த நீக்குப் புலம் என்பது நியோடிமியத்தோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம், முழங்காலும் இயங்கு புள்ளிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் நுகத்தோடு பூட்டிய பிறகுதான் அதைக் காந்தமாக்க வேண்டும். பழுதுபார்க்கிறேன் என்று காந்தத்தை நுகத்திலிருந்து கழற்றினால், இடைவெளி திடீரென மிகப் பெரிதாகி, புள்ளி முழங்காலுக்குக் கீழே வழுக்கிவிடும். திரும்பப் பூட்டினாலும் வந்த வழியில் ஏறாது. உள்ளே ஒரு சிறிய கண்ணியின் கோட்டில் ஏறி, பழைய இடத்துக்குக் கீழேயே நின்றுவிடும். பழைய ஆல்னிகோ ஒலிபெருக்கியையோ அளவுக் கருவியையோ பிரித்துப் பூட்டியபின் சத்தம் குறைகிறது, முள் குறைவாகக் காட்டுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். கழற்றியே ஆக வேண்டுமென்றால், கழற்றும் முன் முனைகளைத் தடித்த இரும்புத் துண்டால் குறுக்கே பாலமிட்டு, அந்தத் துண்டை எடுக்காமலேயே காந்தத்தை நகர்த்த வேண்டும்.